மூன்றாம் குக்கரின் வால்வு

கூட்டத்துக்கு வந்த நான்கு பேரில் பீம்ராவ் மட்டும் டீயைத் தொடவில்லை. டம்ளரில் ஆடை கட்டிப்போய், அதன்மேல் ஒரு கொசு விழுந்து செத்தும் போயிற்று. அவர் பார்வை எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பெரிய பழுப்புத்தாளின் மேலேயே இருந்தது. அதில் ஒரு மீன் எலும்புக்கூடு வரைந்திருந்தது. மீனின் தலையில் ஒரு கட்டம் போட்டு, 'அறிவு, பிட்டர், இரண்டு கைகளிலும் மார்பிலும் நீராவிக் காயம்' என்று எழுதியிருந்தார்கள்.

பீம்ராவுக்கு அறிவு குழாய் வேலை பார்க்கும் வெறும் பிட்டர் இல்லை. பீம்ராவின் தங்கை சங்கமித்ராவின் புருஷன். வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு மூன்றாம் குக்கருக்குப் போகும் குழாயில் கசிவை அடைக்கப் போனவன், இப்போது கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காய வார்டில் கிடக்கிறான். வைத்தியத்தை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும், அதில் கவலையில்லை. கவலை வேறு. அவன் இன்னும் தற்காலிகம்தான். பெர்மனென்ட் ஆக நான்கு மாதம் இருந்தது. விசாரணை அறிக்கையில் 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல் ஏறிவிட்டால் அந்த உத்தரவு எந்தக் காலத்திலும் வராது. யாரும் அவனை வேலையைவிட்டு நீக்கவும் வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். கம்பெனிகள் சும்மா இருப்பதில் கெட்டி.

அது திருவொற்றியூரில் ரப்பர் குழாய் செய்யும் கம்பெனி. பச்சை ரப்பரை வேகவைக்க ஆள் உயரத்தில் நான்கு பெரிய இரும்புப் பாத்திரங்கள் உண்டு. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் தொழிலாளிகள் வைத்த பெயர் குக்கர். பாய்லரிலிருந்து வரும் நீராவி ஹெட்டர் என்ற தடித்த குழாயில் நிறையும். அங்கிருந்து நான்கு வால்வுகள் வழியாக நான்கு குக்கருக்கும் போகும். அந்தப் பாய்லரைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவர் பீம்ராவ். பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதியும் அவர்தான்.

அறிவு செய்தது இதுதான். வால்வை மூடினான். கொஞ்ச நேரம் விட்டான். இணைப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தினான். ஏழு கிலோ அழுத்தத்தில் நீராவி பீறிட்டு அடித்தது. ஏனென்றால் அவன் மூடியது மூன்றாம் குக்கரின் வால்வை அல்ல, இரண்டாம் குக்கரின் வால்வை. அந்நேரம் இரண்டாம் குக்கர் ஓடாமல் சும்மா இருந்ததால், அதன் ஆவி நின்றது யாருக்கும் தெரியவில்லை.

தாளின் முன் மார்க்கரோடு நின்றிருந்தவள் மகிமா, கம்பெனியின் முதல் பாதுகாப்பு அதிகாரி. அப்பாவுக்கு ராயபுரத்தில் மளிகை மொத்தக் கடை. இவள் கல்லாவில் உட்காராமல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட் வாங்கும் மும்முரத்தில் கம்பெனி ஆள் தேடியபோது வந்து சேர்ந்தவள். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. 'மீன் மேடம்' என்று ஷெட்டில் அவளுக்குப் பெயர். ஏதாவது கோளாறு என்றால் உடனே ஒரு மீனை வரைந்துவிடுவாள். முதுகெலும்பிலிருந்து ஆறு முள் பிரியும்: ஆள், இயந்திரம், முறை, பொருள், அளவீடு, சூழல். எந்தெந்த முள்ளில் என்னென்ன காரணம் தொங்குகிறது என்று எல்லோரும் சொல்ல வேண்டும். பிறகு முக்கியமானதைப் பிடித்து 'ஏன்' என்று கேட்டு, வருகிற பதிலை மறுபடி 'ஏன்' என்று கேட்டு, ஐந்து முறையாவது தோண்ட வேண்டும்.

மேனேஜர் ஜேக்கப்புக்கு அவ்வளவு தோண்டப் பொறுமையில்லை. மறுநாள் காலை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்குள் அறிக்கை தயாராக வேண்டும். முதல் ஏன்: ஆவி ஏன் அடித்தது? குழாயில் ஆவி இருந்தது. இரண்டாவது ஏன்: ஏன் இருந்தது? தப்பான வால்வை மூடினான். "முடிஞ்சுதும்மா. ஆள்-ங்கிற முள்ளுல எழுதுங்க, கவனக்குறைவுன்னு," என்றார் ஜேக்கப், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

மகிமா எழுதவில்லை. ஆள் என்ற முள்ளில் காரணம் கிடைத்தால் அங்கே நிற்கக் கூடாது, அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தான் என்று இன்னொரு படி இறங்க வேண்டும் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த போர்மேன் மாசானம், "இதுல இறங்க என்ன இருக்கு? பார்த்து மூடியிருக்கணும், பார்க்கல," என்றார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருஷமாக இந்த ஷெட்டைக் கட்டி மேய்ப்பவர். வேலையில் புலி, வாயிலும் அப்படித்தான்.

மாசானம் 'பார்க்கல' என்றபோது பீம்ராவ் மீனிலிருந்து கண்ணை எடுத்தார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பது இந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஏன் இல்லை என்பதும் தெரியும். மூன்று நாளாக அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, சோறும் இறங்காமல் தூக்கமும் இல்லாமல் அலைகிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை, "இன்னாண்ணா ஆச்சு, அவரு வேலைல அப்டி அசால்ட்டா இருக்கிற ஆளா?" என்று கேட்டபோதுகூட, விசாரிக்கிறாங்க என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோழைத்தனம், வேறென்ன.

"உக்காந்து பேசினா விளங்காது, வாங்க, இடத்தைப் போய்ப் பார்ப்போம்," என்று மகிமா தாளைச் சுருட்டிக்கொண்டாள். ஜேக்கப்புக்கு எரிச்சல், இருந்தாலும் எழுந்தார். வெளியே ஐப்பசி மழை நசநசத்துக்கொண்டிருந்தது. நான்கு பேரும் குடோனின் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்து ஷெட்டுக்குள் போனார்கள்.

ஹெட்டரின் முன்னால் நின்றால் காதும் கேட்காது, முகமும் வெந்துபோகும். நான்கு வால்வுகளும் தலைக்கு மேலே கொஞ்சம் எட்டும் உயரத்தில் வரிசையாக இருந்தன. குழாய், வால்வு, கைச்சக்கரம் எல்லாம் ஒரே வெள்ளி நிறத்தில் பளபளத்தன. பதினான்கு நாளுக்கு முன்னால் ஆயுத பூஜைக்கு அடித்த பெயிண்ட். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

மகிமா அடுக்கடுக்காகக் கேட்டுக் குறித்தாள். வால்வைத் தாண்டி, மீந்த ஆவியை வெளியே விட்டுப் பார்க்க ஒரு சிறு குழாய் உண்டா? இல்லை. அழுத்தம் காட்டும் மானி? அது ஹெட்டரில் மட்டும்தான். அப்படியென்றால் வால்வை மூடிய பிறகு குழாய் காலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாசானம், தொட்டுப் பார்க்க முடியாது, மூடி ஒரு மணி நேரம் ஆனாலும் சுடத்தான் செய்யும், ஒரு கணக்குத்தான் என்றார். வேலையைத் தொடங்குமுன் இரண்டாவது ஆள் வந்து சரிபார்த்து அனுமதிச்சீட்டு தரும் வழக்கம்? வெல்டிங்குக்கு மட்டும் உண்டு, இதற்கு இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முள்ளில் ஏறியது. ஒற்றை முள்ளோடு போக இருந்த மீனுக்கு உடம்பு வந்துகொண்டிருந்தது. ஜேக்கப்பின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

பிறகு மகிமா மாசானத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, மூணாம் குக்கர் வால்வை நீங்க மூட வேண்டாம், சும்மா கையை மட்டும் காட்டுங்க."

மாசானம் சிரித்தார். அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. கண் இடமிருந்து வலம் போயிற்று, திரும்பி வந்தது. பிறகு கையை உயர்த்தி, இடமிருந்து மூன்றாவது சக்கரத்தைக் காட்டினார்.

பீம்ராவ் தன்னை அறியாமல், "அது ரெண்டு," என்றார்.

பல வருஷத்துக்கு முன்னால் ஹெட்டரை மாற்றிப் பொருத்தியபோது, குழாய் வளைக்க வசதியாக இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்பதுதான் வரிசை. எண்ணைப் பார்த்துத்தான் திறக்க வேண்டும், மூட வேண்டும். பதினாறு வருஷப் போர்மேனே எண்ணைப் பார்த்துப் பழகியவர்தான். எண் இல்லாதபோது அவர் கையும் அறிவின் கை போன இடத்துக்கே போயிற்று.

மகிமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கையுறை போட்டுக்கொண்டு, இரும்பறுக்கும் ஒரு பழைய ஹேக்சா பிளேடால் இடமிருந்து இரண்டாவதாக இருந்த வால்வின் உடம்பை மெல்லச் சுரண்டினாள். வெள்ளி நிறம் உதிர்ந்தது. அடியில் வெள்ளையாக '3' தெரிந்தது. இன்னும் சுரண்டினாள். அதன் அடியில் மறுபடி வெள்ளி நிறம், அதற்கும் அடியில் மறுபடி ஒரு வெள்ளை '3', கொஞ்சம் கோணலாக. அவள் இறங்கி வந்து கையுறையைக் கழற்றினாள். மூன்றாவது ஏனுக்குப் பதில் கிடைத்துவிட்டது: பார்த்து மூட வால்வில் எண் இல்லை.

"ஒவ்வொரு வருஷமும் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. ஒவ்வொரு வருஷமும் யாரோ மேல நம்பர் எழுதியிருக்காங்க. இந்த வருஷம் எழுதல. யாரு எழுதுறது?"

ஜேக்கப் மாசானத்தைப் பார்த்தார். மாசானம் தரையைப் பார்த்தார். மெயின்டனன்ஸ் ரிஜிஸ்தரில் அப்படி ஒரு வேலையே கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை, பூஜைக்குப் பாய்லரை அணைத்து எல்லாம் ஆறிய பிறகு, ஆட்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு பெயிண்ட் அடிப்பார்கள். அது பூஜை, வேலை இல்லை. அதற்குச் சீட்டும் கிடையாது, சரிபார்ப்பும் கிடையாது. மறுநாளுக்கு மறுநாள் பாய்லர் பற்றவைக்கும்போது எண்கள் இருந்தன, அவ்வளவுதான். எப்படி வந்தன என்று பத்தொன்பது வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

பீம்ராவ் அந்தக் கோணல் '3'-ஐ அண்ணாந்து பார்த்தார். இப்போது வாயைத் திறந்தால் இந்த மீனின் கடைசி முள்ளில் தன் பெயர்தான் ஏறும். தெரிந்தே விட்டவன் என்பார்கள். பத்தொன்பது வருஷச் சர்வீஸ். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால்? அறிவின் பெயர் இன்னும் அந்த இரண்டாவது ஏனில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஜேக்கப் எந்த நேரமும் அங்கே திரும்பிப் போவார்.

"நாந்தான் மேடம் எழுதுவேன்," என்றார். "யாரும் சொல்லல. நானா எழுதிகினு இருந்தேன்."

ஜேக்கப்புக்கு உயிர் வந்தது. "அப்ப எழுதாதது உங்க தப்பு. மகிமா, நாலாவது ஏன், பாய்லர் அட்டெண்டன்ட் எண்களைப் புதுப்பிக்கத் தவறினார். போட்டுக்குங்க."

மகிமா தாளைச் சுவரோடு வைத்துப் பிடித்தாள். அது அவர் வேலை என்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவள் எழுதினாள்: 'எண்களைப் புதுப்பிப்பது யாருக்கும் ஒதுக்கப்படாத வேலை. ஒருவர் தாமாகச் செய்துவந்தார். இந்த ஆண்டு நின்றது.' பிறகு அவரிடம் திரும்பினாள். "ஏன் நின்னுது, பீம்ராவ் அண்ணே?"

அதுதான் ஐந்தாவது ஏன். பீம்ராவ் மாசானத்தைப் பார்த்தார். மாசானத்தின் கண் ஒரு நொடி அவரைச் சந்தித்துவிட்டு விலகியது. அவருக்கும் நினைவிருந்தது.

பீம்ராவ் பௌத்தர். வியாசர்பாடியில் அவர் வீட்டில் சாமி படம் கிடையாது. ஆயுத பூஜைக்கு அவர் நிற்பதில்லை, அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதும் இல்லை. எல்லோரும் பொரிகடலைக்கு வரிசை கட்டும் நேரத்தில் அவர் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக ஹெட்டரிடம் வருவார். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்காமலே, பெயிண்ட்தான் அவருடைய பூஜை என்று கிண்டல்கூடச் செய்வார்கள். இந்த வருஷமும் வந்தார். ஸ்டூலில் ஏறி ஒன்றாம் எண்ணுக்குத் தூரிகையைத் தூக்கியபோது மாசானம் பின்னால் வந்து நின்றார். சுற்றிலும் எட்டுப் பேர் இருந்தார்கள்.

"பூசைக்கு நிக்காதவன் கை பொட்டு வச்ச இடத்துல படப்படாது வே. இறங்கு," என்றார் மாசானம்.

பொட்டைச் சொன்னாரா, கையைச் சொன்னாரா என்று அங்கே நின்ற எட்டுப் பேருக்கும் விளங்கியது. ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் பொரியை மென்றார்கள். பீம்ராவ் இறங்கினார், தூரிகையை டீசலில் கழுவினார், டப்பாவை மூடி வைத்தார். அன்று மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் எழுதவில்லை. ஒரு ஷிப்டுக்கு மூன்று முறை அந்த ஹெட்டரைக் கடக்கும்போதெல்லாம் மொட்டையாக நின்ற வால்வுகளைப் பார்த்தார். என் கை படக் கூடாதென்றால் சந்தனத்தைப் பார்த்தே திறந்துக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு. பதினோராம் நாள் அறிவு ஸ்பானரோடு அங்கே போனான்.

இதையெல்லாம் அவர் ஹெட்டரின் இரைச்சலுக்கு மேலே, வார்த்தை வார்த்தையாக, கிட்டத்தட்டக் கத்திச் சொன்னார். வீட்டில் பொண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை மேனேஜரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவமானத்தை இரண்டாம் முறை படுவது முதல் முறையைவிடக் கொடுமை. முதல் முறை தானாக வந்தது, இதைத் தானே வாய்திறந்து கூப்பிட வேண்டியிருந்தது.

ஜேக்கப் அவர்களை ஷெட்டுக்கு வெளியே, மழை படாத இடத்துக்கு அழைத்து வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு சமரசமாகப் பேசினார். எண் அழிந்தது, சரிபார்ப்பு முறை இல்லை, இரண்டையும் போட்டு முடித்துக்கொள்வோம். கவனக்குறைவு என்ற சொல்லே வராது, அறிவின் பெர்மனென்ட் உத்தரவுக்குத் தானே பொறுப்பு. பதிலுக்கு, இந்தப் பூஜைப் பேச்சு மட்டும் தாளில் ஏற வேண்டாம். இன்ஸ்பெக்டர் படித்தால் வேறு மாதிரி ஆகிவிடும், மாசானத்துக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

மூன்று நாளாகப் பீம்ராவ் வேண்டிக்கொண்டிருந்தது இதுதான். கையை நீட்டினால் கிடைத்துவிடும். மகிமா மார்க்கரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"வேணாம் சார்," என்றார் பீம்ராவ். "அத்த வுட்டா அடுத்த வருசமும் யாரோ ஒருத்தன 'தொடாத, இறங்கு'ன்னுவாங்க. அவனும் டப்பாவ மூடிகினு பூடுவான். அப்பால இன்னொருத்தன் வேவான். எழுதுங்க மேடம். அவுரு சொன்னதையும் எழுதுங்க, நான் பதினோரு நாளு பாத்துகினே வாய மூடிகினு இருந்ததையும் எழுதுங்க."

மாசானம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ஜேக்கப் அவரைப் பார்த்து, நீர் அப்படிச் சொன்னீரா என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்த எட்டுப் பேரில் ஒருவனும் போர்மேனுக்கு எதிராக வாய் திறந்திருக்க மாட்டான்.

"சொன்னேன்," என்றார் மாசானம். "நம்பரு எழுதத்தான் ஏறியிருக்காருன்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்னு இப்ப சொல்ல வாய் வரல. எழுதிக்கிடுங்க."

மகிமா எழுதினாள். தாளைச் சுவரில் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: 'பாதுகாப்பு வேலை என்று எங்கும் பதிவாகாததால், அவமதித்து நிறுத்த ஒருவரால் முடிந்தது. நின்றதைக் கண்டுபிடிக்க எந்த முறையும் இல்லை. தெரிந்தவரும் சொல்லவில்லை.' அதன் கீழே செய்ய வேண்டியவை: பெயிண்ட் அடித்தாலும் மறையாதபடி எண் பொறித்த பித்தளைத் தகடு வால்வுக்கு ஒன்று, சங்கிலியில் தொங்க. ஒவ்வொரு குழாயிலும் ஆவியை விட்டுப் பார்க்க ஒரு சிறு வால்வு. குழாயைத் திறக்குமுன் பூட்டு, சீட்டு, இரண்டாவது ஆள். பூஜைப் பெயிண்டுக்கும் சீட்டு, பாய்லர் பற்றவைக்குமுன் சரிபார்ப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜேக்கப் கடைசியாக, வேண்டாவெறுப்பாகப் போட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு, நாலு மணி பார்வை நேரத்துக்குப் பீம்ராவ் ஆஸ்பத்திரிக்குப் போனார். அறிவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைக் கட்டில் மறைந்திருந்தன. சங்கமித்ரா சாத்துக்குடி பிழிய டம்ளர் கழுவப் போயிருந்தாள். பீம்ராவ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். கவனக்குறைவு என்று எழுதவில்லை, வேலைக்குப் பயமில்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

அறிவு தலையணையில் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

"நம்பரு இல்லன்னு நானும் பாத்தேன் மச்சான்," என்றான் மெல்ல. "இந்த வருசம் மச்சானுக்கு சோம்பேறித்தனம் வந்துட்டுகீது, டீ டயத்துல வெச்சு கலாய்க்கலாம்னு நெனச்சிகினேதான் லெப்ட்லேர்ந்து எண்ணுனேன்." "பொட்டு மேட்டர என்னாண்ட கூட ஏன் மச்சான் சொல்லல?"

ஐந்து ஏனுக்கும் மேனேஜர் முன்னால் நின்று பதில் சொன்னவருக்கு இதற்குப் பதில் வரவில்லை. உனக்கு முன்னால் சிறுத்துப்போக மனமில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

சங்கமித்ரா சாற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அறிவால் டம்ளரைப் பிடிக்க முடியாது. பீம்ராவ் அதை வாங்கி, அவன் தலையை ஒரு கையால் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டார்.